ஒரே கிளிசரின், இரண்டு விடைகள்

ஆறாம் படிவ மாணவர்களின் இயற்பியல் செய்முறைப் பயிற்சிகளில் ஒன்று, ஒரு திரவத்தின் பாகுத்தன்மையைக் கண்டறிவது. பாகுத்தன்மை என்பது ஒரு திரவம் ஓடுவதற்குத் தானே காட்டும் எதிர்ப்பு. தண்ணீருக்கு அது மிகக் குறைவு; தேனுக்கும் கிளிசரினுக்கும் அதிகம். செய்முறை பார்ப்பதற்கு எளிது. ஓர் அளவு உருளையில் கிளிசரினை நிரப்பி, சிறிய எஃகுக் குண்டு ஒன்றை அதில் விட வேண்டும். குண்டு மெதுவாக, சீரான வேகத்தில் இறங்கும். குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க அது எடுக்கும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளந்து, சூத்திரத்தில் இட்டால் விடை கிடைத்துவிடும். அந்த விடையை அறிக்கையில் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு வகுப்பில் இரண்டு குழுக்கள் இச்சோதனையைச் செய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரு குழுக்களும் ஒரே புட்டியிலிருந்து கிளிசரினை எடுத்துக்கொள்கின்றன. இரண்டிடமும் 3.00 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டுகளும் 25 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள உருளைகளும் இருக்கின்றன. உருளையின் மீது 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் குறிக்கப்பட்டுள்ளன. முதல் குழுவின் மேசை குளிரூட்டிக்கு அருகில் இருக்கிறது. அவர்களுடைய குண்டு அந்தத் தூரத்தைக் கடக்கச் சராசரியாக 5.73 வினாடி எடுக்கிறது. இரண்டாம் குழுவின் மேசையோ சன்னலோரம். அங்கே 4.46 வினாடியே ஆகிறது.

கணக்கிட்டபோது முதல் குழுவுக்கு 1.23 பாஸ்கல் வினாடி என்றும், இரண்டாம் குழுவுக்கு 0.95 பாஸ்கல் வினாடி என்றும் விடை வருகிறது. பாடநூலின் அட்டவணையில் 25 பாகை செல்சியசில் தூய கிளிசரினின் பாகுத்தன்மை 0.93 பாஸ்கல் வினாடி என்று இருக்கிறது. இரண்டாம் குழுவினர் மகிழ்ச்சியோடு, “இரண்டு விழுக்காடு வேறுபாடே உள்ளது, சோதனை வெற்றி” என்று எழுதிவிடுகிறார்கள். முதல் குழுவினரோ, “முப்பத்திரண்டு விழுக்காடு வேறுபாடு, மனிதத் தவறு காரணமாக இருக்கலாம்” என்று எழுதித் தலைகுனிகிறார்கள்.

உண்மையில் இவ்விரு சோதனைகளுள் நம்பத்தக்கது முதல் குழுவின் சோதனைதான். இரண்டாம் குழுவின் விடை அட்டவணையோடு பொருந்தியது தற்செயலே. அது எப்படி என்பதை அறிய, சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

திரவத்தில் விழும் குண்டின் மீது மூன்று விசைகள் செயல்படுகின்றன. குண்டின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. திரவத்தின் மிதப்பு விசை மேல்நோக்கித் தள்ளுகிறது. பாகுத்தன்மையால் எழும் இழுவை விசையும் மேல்நோக்கியே செயல்படுகிறது. வேகம் கூடக் கூட இழுவையும் கூடும். ஒரு கட்டத்தில் மேல்நோக்கிய இரு விசைகளும் சேர்ந்து எடையைச் சமன் செய்துவிடும். அதன்பின் குண்டின் வேகம் மாறாது. இந்த இழுவை விசைக்கான சூத்திரத்தை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிவியலாளர் 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதிலிருந்து கிடைப்பதுதான் மாணவர்கள் பயன்படுத்தும் சூத்திரம்:

η = d²(ρ₁ − ρ₂)g / 18v

இதில் η பாகுத்தன்மை, d குண்டின் விட்டம், ρ₁ எஃகின் அடர்த்தி, ρ₂ கிளிசரினின் அடர்த்தி, g புவியீர்ப்பு முடுக்கம், v குண்டின் சீரான வேகம். எஃகின் அடர்த்தியை ஒரு கனமீட்டருக்கு 7800 கிலோகிராம் எனவும், கிளிசரினின் அடர்த்தியை 1260 கிலோகிராம் எனவும் கொண்டால், முதல் குழுவின் வேகமாகிய வினாடிக்கு 26.2 மில்லிமீட்டருக்கு 1.23 என்ற விடை சரியாகவே வருகிறது. ஆகவே கணக்கில் பிழை இல்லை.

ஆனால், ஸ்டோக்ஸ் தம் சூத்திரத்தை வருவிக்கும்போது ஒரு நிபந்தனை வைத்திருந்தார். குண்டைச் சுற்றியுள்ள திரவத்திற்கு எல்லையே இல்லை என்பது அந்த நிபந்தனை. கடலின் நடுவே விழும் குண்டுக்கு அது பொருந்தும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி உருளைக்குள் விழும் குண்டுக்குப் பொருந்துமா?

குண்டு கீழே இறங்க வேண்டுமானால், அதன் அடியில் இருக்கும் திரவம் விலகி மேலே செல்ல வேண்டும். அது செல்வதற்கு இருக்கும் ஒரே வழி, குண்டுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வளைய இடைவெளி. அகன்ற பாத்திரத்தில் திரவம் தாராளமாக விலகிச் செல்லும். குறுகிய உருளையிலோ நெருக்கியடித்துக்கொண்டு ஏற வேண்டும். இரவுச் சந்தையின் ஒடுங்கிய சந்தில் எதிரெதிரே வருபவர்கள் ஒருவரையொருவர் கடந்து செல்ல நேரமாவதைப் போன்றது இது. அதோடு, கண்ணாடிச் சுவரை ஒட்டியிருக்கும் திரவப் படலம் நகராமல் சுவரோடு ஒட்டியே நிற்கும். அசையாத அந்தப் படலத்திற்கும் அசையும் குண்டிற்கும் இடையில் இருக்கும் திரவம் இருபுறமும் இழுபடுகிறது. இடைவெளி குறையக் குறைய இந்த இழுபடுதல் அதிகமாகிறது. அதனால் குண்டு, எல்லையற்ற திரவத்தில் விழுவதைவிட மெதுவாக விழுகிறது. இதையே சுவர் விளைவு என்கிறோம்.

மெதுவாக விழும் குண்டைப் பார்த்த சூத்திரம், திரவம் மிகவும் தடிப்பானது என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே, சுவர் விளைவைக் கருத்தில் கொள்ளாத அறிக்கை எப்போதும் உண்மையைவிடக் கூடுதலான பாகுத்தன்மையையே காட்டும். ஒரு முறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் காட்டாது. இதனால்தான் ஒரே சோதனையை ஐம்பது முறை திரும்பச் செய்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை மறையாது. முதல் குழுவினர் எழுதிய “மனிதத் தவறு” என்னும் சொல் இங்கே எதையும் விளக்கவில்லை. அவர்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை; சுவர் தன் வேலையைச் செய்தது.

சுவர் விளைவு எவ்வளவு பெரியது என்பது குண்டின் விட்டத்திற்கும் உருளையின் உள்விட்டத்திற்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ருடோல்ஃப் லாடன்பர்க் 1907இல் இதற்கு ஓர் எளிய திருத்தத்தைத் தந்தார். அளந்த வேகத்தை (1 + 2.4 d/D) என்னும் எண்ணால் பெருக்கினால், எல்லையற்ற திரவத்தில் குண்டு விழுந்திருக்கக்கூடிய வேகம் கிடைக்கும். இங்கு D என்பது உருளையின் உள்விட்டம். முதல் குழுவின் சோதனையில் d/D என்பது 3ஐ 25ஆல் வகுத்தால் வரும் 0.12. எனவே, திருத்த எண் 1.29. குண்டின் விட்டம் உருளையின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்குதான். பார்வைக்குச் சுவர் வெகுதொலைவில் இருப்பதாகவே தோன்றும். ஆயினும் வேகம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிட்டது.

இந்தத் திருத்தத்தைச் செய்தால் முதல் குழுவின் 1.23 என்ற விடை 0.95 ஆகிறது. அட்டவணை மதிப்பான 0.93க்கும் இதற்கும் இரண்டு விழுக்காடே வேறுபாடு. சுவீடன் நாட்டு அறிஞர் ஹில்டிங் ஃபாக்சேன் பின்னர் வருவித்த, சற்று நீளமான சூத்திரத்தைப் பயன்படுத்தினால் 0.92 வருகிறது. d/D சிறியதாக இருக்கும்போது இரு சூத்திரங்களும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும். 0.12 என்ற அளவில் அவை மூன்று விழுக்காடு வேறுபடுகின்றன. எந்தத் திருத்தம் பயன்படுத்தப்பட்டது என்று அறிக்கையில் பெயர் சொல்லி எழுத வேண்டியதன் காரணம் இதுவே. இரண்டு திருத்தங்களும் குண்டு உருளையின் நடுக்கோட்டில் விழுவதாகக் கொள்கின்றன என்பதையும் மறந்துவிடக்கூடாது. சுவரோரமாக விழும் குண்டு இன்னும் மெதுவாக இறங்கும். அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மீண்டும் செய்வதே முறை.

அகலமான உருளையைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லாமல் போகாதா என்று கேட்கலாம். 60 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பெரிய உருளையில் அதே குண்டை விட்டாலும் திருத்தம் பன்னிரண்டு விழுக்காடு இருக்கும். தொல்லை குறையும், தீராது. மேலும், அவ்வளவு பெரிய உருளையை நிரப்பப் புட்டி புட்டியாகக் கிளிசரின் தேவைப்படும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வேறொருவரின் திருத்தச் சூத்திரத்தைக் கடன் வாங்காமல், சுவரின் விளைவை மாணவர்களே அளந்து காட்டலாம். அதற்கு ஒரே உருளையில் வெவ்வேறு அளவுள்ள குண்டுகளை விட வேண்டும். ஸ்டோக்சின் சூத்திரப்படி, வேகத்தைக் குண்டு விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அதாவது v/d² என்பதைக் கணக்கிட்டால், எல்லாக் குண்டுகளுக்கும் ஒரே எண் வர வேண்டும். சுவர் இருப்பதால் அப்படி வராது. முதல் குழுவினர் தங்கள் மேசையிலேயே 1.50 மில்லிமீட்டர் குண்டை விட்டபோது அது 150 மில்லிமீட்டரைக் கடக்க 19.9 வினாடி எடுத்தது எனக் கொள்வோம். அப்போது v/d² இன் மதிப்பு 3.35. 2.00 மில்லிமீட்டர் குண்டு 11.76 வினாடி எடுத்தது; அதற்கு 3.19. 3.00 மில்லிமீட்டர் குண்டுக்கு 2.91. குண்டு பெரிதாகப் பெரிதாக எண் குறைந்துகொண்டே போகிறது. சுவர் விளைவு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்மூன்று எண்களையும் செங்குத்து அச்சிலும், d/D விகிதத்தைக் கிடை அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்க்கோட்டில் அமைகின்றன. கோட்டை இடப்பக்கமாக நீட்டினால், d/D பூச்சியமாகும் இடத்தில் அது செங்குத்து அச்சை 3.79 என்ற மதிப்பில் வெட்டுகிறது. விகிதம் பூச்சியம் என்றால், உருளையோடு ஒப்பிடும்போது குண்டு மிக மிகச் சிறியது. அதாவது சுவரே இல்லை என்று பொருள். ஸ்டோக்ஸ் கேட்ட எல்லையற்ற திரவம் வரைபடத்தாளில் கிடைத்துவிட்டது. 3.79 என்ற எண்ணிலிருந்து கணக்கிட்டால் பாகுத்தன்மை 0.94 பாஸ்கல் வினாடி. அறிக்கையில் இவ்வரைபடம் இடம்பெற்றால், படிப்பவர் திருத்தத்தை நம்ப வேண்டிய அவசியமில்லை, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாம் குழுவின் அறிக்கைக்கு வருவோம். அவர்களும் அதே உருளையைத்தான் பயன்படுத்தினார்கள். எனவே, அவர்களுடைய 0.95 என்ற விடையையும் 1.29ஆல் வகுக்க வேண்டும். வகுத்தால் 0.74 வருகிறது. அட்டவணையோடு அழகாகப் பொருந்திய விடை, திருத்தியதும் இருபது விழுக்காடு விலகிவிட்டது! திருத்தம் சரி என்றால், வேறு ஏதோ ஒன்று குண்டை விரைவாக விழச் செய்திருக்க வேண்டும்.

அவர்களுடைய அறிக்கையில் வெப்பநிலை என்னும் இடத்தில், “அறை வெப்பநிலை” என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியர் அவர்களுடைய உருளைக்குள் வெப்பமானியை விட்டுப் பார்க்கிறார். அது 28 பாகை செல்சியசைக் காட்டுகிறது. காலை வெயில் சன்னல் வழியாக நேரே உருளையின் மீது விழுந்துகொண்டிருந்தது.

மூன்று பாகை என்பது உடலுக்குப் பெரிதாகத் தெரியாத வேறுபாடு. கிளிசரினுக்கு அது மிகப் பெரிது. தூய கிளிசரினின் பாகுத்தன்மை 20 பாகையில் 1.41 பாஸ்கல் வினாடி. 25 பாகையில் 0.93, 30 பாகையில் 0.61. பத்துப் பாகை கூடுவதற்குள் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் பாகுத்தன்மை சுமார் எட்டு விழுக்காடு குறைகிறது எனக் கொள்ளலாம். திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிழுத்துக்கொண்டிருக்கின்றன. வெப்பம் கூடும்போது அவை வேகமாக அசைந்து, அந்தப் பிடியிலிருந்து எளிதாக விடுபட்டு நகர்கின்றன. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தேன் கரண்டியிலிருந்து விழ மறுப்பதும், சற்று நேரம் வெளியே வைத்தபின் இளகி ஓடுவதும் இதனால்தான்.

20, 25, 30 பாகைகளுக்கான மதிப்புகளைக் கொண்டு ஒரு வளைகோடு வரைந்து, 28 பாகைக்குரிய மதிப்பைப் படித்தால் அது சுமார் 0.72. இரண்டாம் குழுவின் திருத்திய விடை 0.74. ஆக, அவர்களுடைய அளவீடும் நல்ல அளவீடுதான். ஒப்பிட எடுத்துக்கொண்ட வெப்பநிலைதான் தவறு. சுவர் விளைவு அவர்களுடைய விடையை மேலே தள்ளியது. கூடுதல் வெப்பநிலை அதைக் கீழே இழுத்தது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, 25 பாகைக்குரிய அட்டவணை மதிப்புக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. அதே குழு மறுநாள் குளிரான காலைப்பொழுதில் சோதனையைத் திரும்பச் செய்திருந்தால் விடை 0.95ஆக இருந்திருக்காது. “சோதனை வெற்றி” என்ற சொற்களை எந்த முகத்தோடு வைத்துக்கொள்வது?

வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது என்றால் குளிரூட்டியை இயக்குவது மட்டுமன்று. குளிரூட்டி இடையிடையே நின்று நின்று இயங்கும். அறையின் காற்று ஒரு நேரம் குளிர்ந்தும் மறுநேரம் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அதற்கு நல்ல தடுப்பு தண்ணீர். அளவு உருளையை உயரமான, தண்ணீர் நிறைந்த ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் நிறுத்திவைத்தால், வெளிக்காற்றின் ஏற்ற இறக்கம் கிளிசரினை எளிதில் எட்டாது. தண்ணீரின் மட்டம் மேல்கோட்டுக்கும் மேலே இருக்க வேண்டும். பாதி உருளை மட்டும் தண்ணீரில் நின்றால் மேல்பகுதி ஒரு வெப்பநிலையிலும் கீழ்ப்பகுதி வேறொரு வெப்பநிலையிலும் இருந்துவிடும்.

அடுத்தது பொறுமை. கிளிசரின் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். தடிப்பாக இருப்பதால் தானாகக் கலங்கிச் சமநிலைக்கு வருவதும் குறைவு. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள உருளையில் நடுவில் இருக்கும் கிளிசரின் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலைக்கு வர ஏறக்குறைய அரைமணி நேரம் தேவைப்படும். வெப்பமானியை உருளையின் நடுப்பகுதியில் வைத்து, முதல் குண்டை விடுவதற்கு முன்னும் கடைசிக் குண்டை எடுத்த பின்னும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். குண்டு விழும்போது வெப்பமானி உள்ளே இருக்கக்கூடாது. இருந்தால் அதுவும் ஒரு சுவராகிவிடும். உருளையைக் கையால் பிடித்துக்கொண்டு அளப்பதும் கூடாது. ஒரு பாகைக்கு எட்டு விழுக்காடு என்னும்போது உள்ளங்கையின் சூடு சிறிய விஷயமன்று.

இவ்வளவு செய்தும் உள்ளே வெப்பநிலை சீராக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? அதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. இரண்டு கோடுகளுக்கு நடுவே மூன்றாவது கோடு ஒன்றைக் குறித்து, மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் தனித்தனியே நேரம் எடுக்க வேண்டும். இரண்டு நேரங்களும் சமமாக இருந்தால் குண்டு சீரான வேகத்தில் சென்றது என்று பொருள். பல மாணவர்கள் இந்த நேரங்கள் சமமாக இல்லாதபோது, “குண்டு இன்னும் முடுக்கத்தில் இருந்தது” என்று எழுதிவிடுவார்கள். இந்தச் சோதனையில் அது பொருந்தாது. 3 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு 25 பாகைக் கிளிசரினில் சீரான வேகத்தை எட்ட ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். அதற்குள் அது ஒரு மில்லிமீட்டர்கூடக் கடந்திருக்காது. கீழ்ப்பாதிக்குக் கூடுதல் நேரம் ஆனால், அடியில் இருக்கும் கிளிசரின் குளிர்ந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்; அல்லது கீழ்க்கோடு உருளையின் அடித்தளத்திற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. அடித்தளமும் ஒரு சுவரே. அதனால்தான் மேல்கோட்டைத் திரவ மட்டத்திலிருந்தும், கீழ்க்கோட்டை அடித்தளத்திலிருந்தும் சில சென்டிமீட்டர் தள்ளிக் குறிக்க வேண்டும்.

இனி அறிக்கை. நோக்கம், கருவிகள், செய்முறை, அளவீடுகள், கணக்கீடு, முடிவு என்னும் தலைப்புகள் எல்லா மாணவர்களுக்கும் பழக்கமானவை. தலைப்புகளின் கீழ் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. “குண்டு உருளையில் விடப்பட்டது; நேரம் அளக்கப்பட்டது” என்று எழுதினால், அதைப் படித்து வேறொருவர் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. “குண்டின் விட்டம் திருகு அளவியால் ஐந்து திசைகளில் அளக்கப்பட்டது. உருளையின் உள்விட்டம் வெர்னியர் அளவியால் அளக்கப்பட்டது, 25.0 மில்லிமீட்டர். உருளை தண்ணீர்த் தொட்டியில் அரைமணி நேரம் வைக்கப்பட்டது. கிளிசரினின் வெப்பநிலை தொடக்கத்தில் 25.0 பாகை, முடிவில் 25.5 பாகை” என்று எழுதினால் முடியும். இரண்டாவது பத்தி நீளமானதுதான். ஆனால், அதில் உள்ள ஒவ்வோர் எண்ணும் விடையை மாற்றக்கூடியது.

பிழைகளைப் பற்றி எழுதும்போதும் எண்களே பேச வேண்டும். திருகு அளவியில் 0.01 மில்லிமீட்டர் ஐயம் இருந்தால், 3 மில்லிமீட்டர் குண்டின் விட்டத்தில் அது 0.3 விழுக்காடு. சூத்திரத்தில் விட்டம் வர்க்கமாக வருவதால் விடையில் அது இரு மடங்காகி 0.7 விழுக்காடு ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் 0.1 வினாடி ஐயம் என்றால், 5.73 வினாடியில் அது சுமார் 1.7 விழுக்காடு. வெப்பநிலையில் அரைப் பாகை ஐயம் இருந்தாலே விடையில் நான்கு விழுக்காடு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நிறுத்துக் கடிகாரத்தை மாற்றுவதைவிட நல்ல வெப்பமானி ஒன்றைத் தேடுவதே பயன் தரும் என்பது தெரிந்துவிடும். கட்டைவிரலின் தாமதத்தை மட்டும் பத்து வரிகளில் குறைகூறி, வெப்பநிலையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத அறிக்கைகள் ஏராளம்.

முடிவைப் பின்வருமாறு எழுதலாம்: “25.0 முதல் 25.5 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில், மூன்று அளவுள்ள குண்டுகளைக் கொண்டு வரைந்த நேர்க்கோட்டைச் சுவரற்ற நிலைக்கு நீட்டியபோது, கிளிசரினின் பாகுத்தன்மை 0.94 பாஸ்கல் வினாடி எனக் கிடைத்தது. வெப்பநிலையின் ஐயத்தால் இதில் ஏறக்குறைய 0.04 பாஸ்கல் வினாடி கூடவோ குறையவோ செய்யலாம். 25 பாகைக்குரிய அட்டவணை மதிப்பான 0.93 இந்த எல்லைக்குள் அமைகிறது.”

சுவரைத் திருத்தி, வெப்பநிலையைச் சரியாகக் குறித்த பின்னும் விடை அட்டவணை மதிப்பைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், கிளிசரினையே ஐயப்பட வேண்டும். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. 20 பாகையில் 1.41ஆக இருக்கும் பாகுத்தன்மை, எடையில் ஒரு விழுக்காடு தண்ணீர் கலந்தால் 1.15ஆகக் குறைந்துவிடும், இரண்டு விழுக்காடு கலந்தால் 0.94. மலேசியா போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில் மூடியில்லாமல் மேசைமேல் விடப்பட்ட உருளை, சில நாளில் வேறொரு திரவமாகவே ஆகிவிடலாம். எனவே, சோதனைகளுக்கு இடையே உருளையின் வாயை மூடிவைப்பதும், புட்டி திறக்கப்பட்ட நாளை அதன் மேலேயே எழுதி ஒட்டுவதும், அந்த நாளை அறிக்கையில் கருவிகள் என்னும் தலைப்பின் கீழ்க் குறிப்பிடுவதும் வழக்கமாக வேண்டும்.